கூடுதல் வட்டி தந்தாலும் வங்கி ஏன் மறுக்கிறது?

கடன் சந்தையில் விலை என்பது வட்டி. மற்றப் பொருள்களுக்குத் தேவை மிகுந்தால் விலை ஏறுகிறது. ஏறிய விலையைத் தர முடியாதவர் விலகுகிறார், தர முடிந்தவருக்குச் சரக்கு கிடைக்கிறது. கடனுக்கு இந்த விதி முழுமையாகப் பொருந்துவதில்லை. ஒரே தொழில் செய்யும், ஏறத்தாழ ஒரே அளவு விற்றுமுதல் உள்ள இருவர் ஒரே வங்கிக் கிளையில் விண்ணப்பிக்கிறார்கள் என்று கொள்ளலாம். ஒருவருக்கு 11 விழுக்காட்டு வட்டியில் கடன் கிடைக்கிறது. மற்றவருக்கு மறுக்கப்படுகிறது. மறுக்கப்பட்டவர் 14 விழுக்காடு தரவும் தயாராக இருக்கிறார், ஆனாலும் வங்கி இறங்கி வருவதில்லை. கைவசமுள்ள பணத்தைவிடக் கேட்கப்படும் கடன் அதிகமாக இருக்கும்போதும் வட்டியை உயர்த்தாமல், கேட்பவர்களில் சிலரை வெளியே நிறுத்தும் இந்த வழக்கத்தைப் பொருளியல் கடன் பங்கீடு என்கிறது.

வட்டிக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருந்தால் இதில் புதிர் எதுவும் இல்லை. விலையை ஏற்ற முடியாதபோது வரிசையும் சிபாரிசும் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வரம்பு இல்லாத இடத்திலும் இது நடக்கிறது. இந்தியாவில் 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வங்கிக் கடன்களுக்கான வட்டியை வங்கிகளே முடிவு செய்துகொள்ளும் உரிமை 1994 அக்டோபரில் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் சிறுதொழில் செய்வோர் சொல்லும் குறை வட்டி அதிகம் என்பது மட்டுமல்ல. எந்த வட்டிக்கும் கடன் கிடைக்கவில்லை என்பதும்தான். லாபத்துக்காக நடக்கும் ஒரு நிறுவனம், தன் சரக்குக்குக் கூடுதல் விலை தர முன்வருபவரைத் திருப்பி அனுப்புவது ஏன் என்பதே இங்குள்ள கேள்வி.

கேள்வி பழையது. 1776இல் ஆடம் ஸ்மித் இதைத் தொட்டிருக்கிறார். அன்றைய பிரிட்டனில் சட்டப்படியான உச்ச வட்டி 5 விழுக்காடு. அது 8, 10 என்று உயர்த்தப்பட்டால் கடனின் பெரும்பகுதி ஊதாரிகளுக்கும் ஆகாயக் கோட்டைத் திட்டக்காரர்களுக்கும்தான் போகும், அவர்கள் மட்டுமே அந்த வட்டிக்கு ஒப்புவார்கள், நிதானமானவர்கள் போட்டியிலிருந்து விலகிவிடுவார்கள் என்பது அவர் வாதம். 1930இல் கெயின்ஸ், வங்கிகளின் வாசலில் எப்போதும் நிறைவு பெறாத கடன் கோருவோர் ஒரு விளிம்பாக நிற்கிறார்கள் என்றும், வட்டியை மாற்றாமலேயே அந்த விளிம்பைச் சுருக்கியும் விரித்தும் வங்கிகள் முதலீட்டின் அளவைக் கட்டுப்படுத்துகின்றன என்றும் குறிப்பிட்டார். இருவரும் நடப்பதைச் சரியாகக் கண்டார்கள். வங்கியின் சொந்த லாபக் கணக்கே அதை அப்படி நடக்கச் செய்கிறது என்பதற்கு முழுமையான நிரூபணம் வர 1981 வரை ஆனது. அந்த ஆண்டு ஜோசப் ஸ்டிக்லிட்சும் ஆண்ட்ரூ வைஸும் அமெரிக்கப் பொருளியல் இதழொன்றில் எழுதிய கட்டுரை, இத்துறையில் இன்றும் தொடக்கப்புள்ளியாக இருக்கிறது. தகவல் சமமின்மை குறித்த ஆய்வுகளுக்காக 2001இல் ஸ்டிக்லிட்ஸ், ஜார்ஜ் அகர்லாஃப், மைக்கேல் ஸ்பென்ஸ் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்டிக்லிட்ஸ்-வைஸ் வாதத்தின் மையம் இதுதான்: வட்டி உயர உயர, கடன் கேட்டு வரும் கூட்டத்தின் தரமும், கடன் வாங்கியவர் அந்தப் பணத்தை வைத்துச் செய்யும் வேலையின் தரமும் மாறுகின்றன. அரிசி விலை ஏறினால் வாங்குபவர் யார் என்பது கடைக்காரருக்குப் பொருட்டல்ல, அவர் காசைக் கையில் வாங்கிக்கொண்டுதான் அரிசியைத் தருகிறார். வங்கி இன்று பணத்தைக் கொடுத்துவிட்டு, நாளை திருப்பித் தருவதாக ஒரு வாக்கை வாங்கிக்கொள்கிறது. அந்த வாக்கின் மதிப்பு அதைத் தந்தவரைப் பொறுத்தது. அவரைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வங்கிக்குத் தெரியாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். எண்கள் எளிமைக்காக அமைக்கப்பட்டவை. ஒரு வங்கியிடம் 100 பேர் ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் ஓராண்டுக் கடன் கேட்கிறார்கள். ஈடு எதுவும் இல்லை. அவர்களில் 50 பேர் நிதானமான தொழில் செய்பவர்கள். செலவும் தங்கள் உழைப்புக்கான கூலியும் போக, ஆண்டு முடிவில் அவர்கள் கையில் உறுதியாக 1,20,000 ரூபாய் இருக்கும். மற்ற 50 பேர் துணிந்து இறங்குபவர்கள். அவர்களில் ஐந்தில் நால்வருக்கு 1,30,000 ரூபாய் கிடைக்கும். ஐந்தாமவருக்கு முதலே போய்விடும், திருப்பித் தர ஒன்றும் இருக்காது. யார் எந்த வகை என்பது அவரவருக்குத் தெரியும். வங்கிக்குத் தெரியாது. விண்ணப்பப் படிவத்தில் இரு வகையினரும் ஒன்றுபோலவே இருக்கிறார்கள்.

நிதானமானவர் 20 விழுக்காடு வரை வட்டி தருவார், அதற்கு மேல் போனால் கடன் வாங்குவதில் அவருக்கு நட்டம், ஆகவே வரமாட்டார். துணிந்தவர் 30 விழுக்காடு வரை வருவார். காரணம் எளிது. வென்றால் அவருக்கு மிச்சம் உண்டு, தோற்றால் இழப்பு வங்கிக்கு. தோல்வியின் பாரம் தன்மேல் விழாதவருக்கு வட்டி ஏறுவது அவ்வளவாக உறைப்பதில்லை.

இனி வங்கியின் பக்கம் வரலாம். 18 விழுக்காட்டு வட்டியில் 100 பேரும் கடன் வாங்குகிறார்கள். நிதானமானவர்கள் 50 பேரும் துணிந்தவர்களில் 40 பேரும் ஆளுக்கு 1,18,000 ரூபாய் திருப்பித் தருகிறார்கள். 10 பேர் தருவதில்லை. கொடுத்த 100 லட்சத்துக்குத் திரும்பி வருவது 106.2 லட்சம். 20 விழுக்காட்டில் அதே 90 பேர் ஆளுக்கு 1,20,000 தருவதால் 108 லட்சம் வருகிறது. வங்கிக்கு 8 விழுக்காடு வருமானம். இதுவரை வட்டியை உயர்த்தியதால் வங்கிக்கு ஆதாயம்தான்.

21 விழுக்காட்டில் கணக்கு தலைகீழாகிறது. நிதானமானவர்கள் 50 பேரும் விலகிவிடுகிறார்கள். எஞ்சியவர்கள் துணிந்தவர்கள் மட்டுமே. அவர்களுக்குக் கொடுத்த 50 லட்சத்துக்கு 40 பேரிடமிருந்து 48.4 லட்சம் திரும்புகிறது. அசலிலேயே 1.6 லட்சம் குறைகிறது. வட்டியை ஒரு விழுக்காடு ஏற்றியதில் வங்கியின் வருமானம் 8 விழுக்காடு லாபத்திலிருந்து 3 விழுக்காட்டுக்கும் சற்று மேலான நட்டத்துக்கு விழுகிறது. 25 விழுக்காட்டுக்குப் போனால் கொடுத்ததும் வந்ததும் சமம். துணிந்தவர்கள் தாங்கக்கூடிய உச்சமான 30 விழுக்காட்டில் 52 லட்சம் திரும்புகிறது, வருமானம் 4 விழுக்காடு. எங்கே நிறுத்தினாலும் 20 விழுக்காட்டில் கிடைத்ததற்கு ஈடாகவில்லை.

இப்போது வங்கியிடம் இருக்கும் பணம் 60 லட்சம் மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். கேட்பவர்கள் 100 பேர். பாடநூல் விதிப்படி வட்டி ஏறி, 40 பேரைத் தானாக வெளியேற்ற வேண்டும். ஆனால் ஏற்றினால் வெளியேறுபவர்கள் யார் என்று வங்கிக்குத் தெரியும். ஆகவே அது 20 விழுக்காட்டிலேயே நின்று 60 பேருக்குத் தருகிறது, 40 பேரைத் திருப்பி அனுப்புகிறது. கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையே வங்கியின் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு ஒன்றுமில்லை. திருப்பி அனுப்பப்பட்டவர் ஒருவர் திரும்பி வந்து, 22 விழுக்காடு தருகிறேன் என்று சொன்னால், அந்தச் சொல்லே அவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நிதானமானவர் எவரும் அந்த வட்டியைச் சொல்லியிருக்க மாட்டார். வங்கி அந்தக் கூடுதல் 2 விழுக்காட்டை மறுப்பது பிடிவாதத்தாலோ தயவாலோ அல்ல, முழுக்க லாபக் கணக்கால்.

இந்த நிலை தற்காலிகத் தட்டுப்பாடு அல்ல என்பது கவனிக்க வேண்டியது. மழை பொய்த்து வரத்து குறைந்த காய்கறிச் சந்தை சில வாரங்களில் சரியாகிவிடும். இங்கே சரியாவதற்குத் தூண்டும் விசையே இல்லை. வங்கி தனக்கு மிக உகந்த இடத்தில் நிற்கிறது. போட்டி வங்கி ஒன்று வந்தாலும் அதே கணக்கைப் போட்டு அதே இடத்தில்தான் நிற்கும். இன்னொன்றும் இதே எண்களில் ஒளிந்திருக்கிறது. நிதானமானவரின் தொழில் சமூகத்துக்குத் தருவது 1,20,000 ரூபாய். துணிந்தவரின் தொழில் சராசரியாகத் தருவது 1,04,000 ரூபாய் மட்டுமே. வட்டி ஏறினால் நல்ல தொழில் நின்றுபோய், அதைவிடத் தாழ்ந்த தொழில் நடக்கும். ஆகவே, வட்டியைச் சந்தை தீர்மானித்தால் பணம் தானாகச் சிறந்த பயன்பாட்டைத் தேடிப் போய்விடும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

மேற்கண்ட கணக்கில் மனிதர்கள் மாறவில்லை, வருபவர்களின் கலவை மட்டும் மாறியது. இரண்டாவது வழியில் மனிதரே மாறுகிறார். ஒரே கடனாளி முன் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. முதலாவது 1 லட்சத்தை உறுதியாக 1,20,000 ஆக்கும். இரண்டாவது பாதிக்குப் பாதி வாய்ப்பில் 1,30,000 தரும், இல்லையேல் ஒன்றும் தராது. வட்டி 8 விழுக்காடானால் முதல் திட்டத்தில் அவருக்கு மிஞ்சுவது 12,000. இரண்டாவதில் வென்றால் 22,000, சராசரியாக 11,000. அவர் நிதானமான திட்டத்தையே எடுப்பார். வட்டி 12 விழுக்காடானால் முதல் திட்டத்தில் மிஞ்சுவது 8,000. இரண்டாவதில் வென்றால் 18,000, சராசரி 9,000. இப்போது அவருக்கு ஆபத்தான திட்டமே லாபம். வங்கிக்கோ உறுதியாக வந்துகொண்டிருந்த 1,08,000 போய், பாதி வாய்ப்பில் 1,12,000, அதாவது சராசரி 56,000 என்றாகிறது. நேர்மையான மனிதரைக்கூட வட்டியின் சுமை சூதாட்டத்தை நோக்கித் தள்ளக்கூடும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. கொடுத்த பணம் எந்தத் திட்டத்தில் போனது என்பதை வங்கியால் நாள்தோறும் கண்காணிக்க முடியாதவரை இது தொடரும்.

மறுப்பு எப்போதும் குலுக்கல் போல விழுவதில்லை. வங்கி மனிதர்களைக் கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களைக் கொண்டு குழுக்களாகப் பிரிக்கிறது. மாதச் சம்பளக்காரர், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் வியாபாரி, பட்டா நிலம் உள்ள விவசாயி, குத்தகைதாரர், தொழிலைப் புதிதாகத் தொடங்குபவர் என்று அது நீளும். ஒவ்வொரு குழுவிலும் வங்கிக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச வருமானம் ஒன்று உண்டு. அந்த உச்சமே வைப்புத்தொகைக்கு வங்கி கொடுக்கும் வட்டியையும் நடைமுறைச் செலவையும் ஈடுகட்டாவிட்டால், அந்தக் குழு முழுவதும் எந்த வட்டிக்கும் கடன் பெற முடியாது. குத்தகைதாரரின் நிலை பெரும்பாலும் இதுதான். அவர்களில் நன்றாகச் செய்யக்கூடியவர்கள் குறைவு என்பதால் மட்டும் இந்த நிலை வருவதில்லை. நன்றாகச் செய்பவரைப் பிரித்தறிய வங்கிக்கு வழி இல்லாததும் இதற்குப் போதுமான காரணம். நாட்டில் பணத் தட்டுப்பாடு வரும்போது முதலில் வெட்டப்படுவதும் இப்படிப்பட்ட குழுக்களே.

தகவல் இல்லாத குறையை ஈடு தீர்க்கும். நகைக் கடன் இதற்குத் தெளிவான சான்று. தமிழ்நாட்டு வங்கிக் கிளைகளில் நகை மதிப்பீட்டாளர் உரைகல்லும் தராசும் கொண்டு சில நிமிடங்களில் சொல்லிவிடும் செய்தி, கடன் கேட்பவரின் குணத்தையோ தொழிலையோ பற்றியதல்ல, நகையைப் பற்றியது. வாங்கியவர் என்ன செய்தாலும் வங்கியின் கையில் தங்கம் இருக்கிறது. அதனால் வேறு எந்தக் கதவும் திறக்காத குடும்பத்துக்கும் நகைக் கடன் அன்றே கிடைக்கிறது. 1985இல் ஹெல்முட் பெஸ்டர் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். கூடுதல் ஈட்டோடு குறைந்த வட்டி, குறைந்த ஈட்டோடு கூடுதல் வட்டி என்று இரண்டு ஒப்பந்தங்களை வங்கி முன்வைத்தால், நிதானமானவர் முதலாவதையும் துணிந்தவர் இரண்டாவதையும் தாமாகவே தேர்ந்துகொள்வார்கள், வகை வெளிப்பட்டுவிடும், மறுப்புக்குத் தேவையே இருக்காது என்று அவர் காட்டினார். தர்க்கம் சரியானது. ஆனால் ஈடு வைக்கப் பொருள் உள்ளவருக்கு மட்டுமே அந்த ஒப்பந்தம் பொருந்தும். நிதானமும் திறமையும் இருந்து, நகையும் நிலமும் இல்லாதவர் இரண்டு ஒப்பந்தங்களுக்கும் வெளியே நிற்கிறார். கடன் பங்கீட்டின் சுமை உழைப்பாளி ஏழையின் மேல் விழுவது இந்த இடத்தில்தான்.

வங்கி செய்யத் துணியாததை ஏலச்சீட்டு வெளிப்படையாகச் செய்கிறது. ஒவ்வொரு மாதமும் அதிகத் தள்ளுபடிக்கு ஒப்புபவருக்கே சீட்டுப் பணம் போகிறது. அதாவது கூடுதல் வட்டி தருபவருக்குக் கடன். ஸ்டிக்லிட்ஸ்-வைஸ் வாதப்படி இது ஆபத்தான ஆட்களையே முன்னே இழுக்க வேண்டும். சீட்டு நிலைத்திருப்பதன் காரணம் ஏலத்துக்கு முன்னும் பின்னும் நடப்பவற்றில் இருக்கிறது. யாரைச் சேர்ப்பது என்பதை நடத்துபவர் தனக்குத் தெரிந்த வட்டத்துக்குள் முடிவு செய்கிறார். சீட்டு எடுத்தவர் மீதித் தவணைகளுக்கு ஜாமீன் தந்த பிறகே பணம் கைக்கு வருகிறது. அப்படியும் சட்டம் தள்ளுபடிக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒரே மாதத்தில் பலர் அந்த உச்ச வரம்புக்கே கேட்டுவிட்டால் குலுக்கல் போட்டு ஒருவருக்குத் தருகிறார்கள். விலை நின்றுவிட்ட இடத்தில் பங்கீடு தொடங்குவதை இதைவிட நேரடியாகக் காட்டும் ஏற்பாடு அரிது.

தண்டல் இன்னொரு வழி. பேச்சுக்கு 10,000 ரூபாய்க் கடன், கையில் தருவது 8,500, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூல். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் இது 100 விழுக்காட்டைத் தாண்டிவிடும். இவ்வளவு உயர்ந்த வட்டியில் தொழில் நடக்கிறதென்றால், வங்கியும் வட்டியை ஏற்றிச் சிறு வியாபாரிக்குத் தரலாமே என்று தோன்றும். தண்டல்காரருக்கு வங்கியிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அவர் நாள்தோறும் கடைக்கு வருகிறார். கடை திறந்திருக்கிறதா, சரக்கு குறைகிறதா, வேறு யாரும் வசூலுக்கு வந்து நிற்கிறார்களா என்பதெல்லாம் அவர் கண்ணெதிரே தெரிகின்றன. வட்டியின் ஒரு பகுதி அந்தத் தகவலுக்கான கூலி. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் சம்பர் என்னும் சந்தை ஊரில் இர்ஃபான் அலீம் நடத்தி 1990இல் வெளியான ஆய்வு இதைத் துல்லியமாக எடுத்துவைத்தது. அங்கே வங்கி வட்டி 12 விழுக்காடாக இருந்தபோது தனியார் கடனின் சராசரி வட்டி 79 விழுக்காடு அளவில் இருந்தது. கடன் கொடுப்போர் புதியவரிடம் முதலில் சரக்கு வாங்கியும் விற்றும் பழகிப் பார்த்து, விசாரித்து, சிறு தொகை தந்து சோதித்த பிறகே உரிய கடன் தந்தார்கள். வந்தவர்களில் பலரை மறுத்தும் விட்டார்கள். விசாரணைக்கும் வசூலுக்கும் ஆன செலவைக் கூட்டிப் பார்த்தபோது அந்த 79 விழுக்காட்டில் பெரும்பகுதி செலவாகவே கரைந்திருந்தது. உயர்ந்த வட்டி உள்ள இடத்திலும் பங்கீடு நடக்கிறது என்பதும், அங்கே வட்டி தகவலின் இடத்தைப் பிடிக்கவில்லை, தகவலைத் தேடிய செலவைச் சுமக்கிறது என்பதும் இதில் தெரிகின்றன. மிரட்டலால் வசூலிக்கும் கந்துவட்டி வேறு வகை. அது தகவலின் இடத்தில் அச்சத்தை வைக்கிறது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தண்டலோடு அதையும் குறிவைத்தது.

ஸ்டிக்லிட்ஸ்-வைஸ் முடிவு எல்லா நிலைக்கும் பொருந்திவிடாது. 1987இல் டேவிட் டி மெஸாவும் டேவிட் வெப்பும் அடித்தளத்தை மாற்றிப் பார்த்தார்கள். வென்றால் எல்லாருக்கும் ஒரே அளவு கிடைக்கும், வெல்லும் வாய்ப்பில் மட்டுமே ஆளுக்கு ஆள் வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், வட்டி ஏறும்போது முதலில் விலகுபவர் வாய்ப்புக் குறைந்தவர். அப்போது வட்டி உயர்வு கூட்டத்தின் தரத்தைக் கூட்டுகிறது. மறுப்புக்குக் காரணமில்லை, மாறாக வங்கிகள் தேவைக்கு மேல் கடன் கொடுத்துவிடும் அபாயமே வருகிறது. ஆகவே தகவல் குறைபாடு என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கடன் குறைவாகவே இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எந்த வகைத் தொழில்கள், எவ்வகை அபாயங்கள் என்பதைக் கண்டே முடிவுக்கு வர வேண்டும்.

அதைக் காண்பது கடினம். வங்கியின் இருப்புநிலைக் குறிப்பில் கொடுத்த கடன் இருக்கும், மறுத்த கடனுக்கு அதில் இடமில்லை. ஒரு தொழிலதிபர் இன்னும் கடன் வேண்டும் என்று சொல்வதும் சான்றாகாது. வெளிக்கடனைவிட வங்கிக் கடன் மலிவாக இருந்தால், தேவை இல்லாதவரும் கேட்பார். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் இந்த முடிச்சை இந்தியத் தரவுகளைக் கொண்டு அவிழ்த்தார்கள். இங்கே வங்கிக் கடனில் 40 விழுக்காடு முன்னுரிமைத் துறைக்குப் போக வேண்டும், சிறுதொழில் அதில் ஒன்று. சிறுதொழில் எனப்படுவதற்கு இயந்திர முதலீட்டு வரம்பு 65 லட்சம் ரூபாயாக இருந்தது. 1998 ஜனவரியில் அது 3 கோடியாக உயர்த்தப்பட்டது. 2000இல் 1 கோடியாகக் குறைக்கப்பட்டது. இடைப்பட்ட அளவில் இருந்த தொழில்களுக்கு ஒரு கதவு திறந்தது, அவற்றில் 1 கோடிக்கு மேற்பட்டவற்றுக்குப் பிறகு மூடியது. அவை தாமாக எதையும் செய்யவில்லை, விதிதான் மாறியது.

சோதனை இதுதான். கடன் தட்டுப்பாடு இல்லாத நிறுவனம் புதிதாகக் கிடைத்த மலிவுக் கடனைக் கொண்டு பழைய உயர்வட்டிக் கடனை அடைக்கும், உற்பத்தி மாறாது. தட்டுப்பாட்டில் இருந்த நிறுவனம் அதைத் தொழிலில் போடும், உற்பத்தி பெருகும். இந்தியப் பொதுத்துறை வங்கி ஒன்றின் கடன் கோப்புகளிலிருந்து எடுத்த தகவல்களைக் கொண்டு, புதிதாகத் தகுதி பெற்ற நிறுவனங்களை ஏற்கெனவே தகுதி பெற்றிருந்த சிறிய நிறுவனங்களோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். 1998க்குப் பிறகு முன்னவற்றின் விற்பனையும் லாபமும் விரைவாக வளர்ந்தன. 2000க்குப் பிறகு அந்த வளர்ச்சி தணிந்தது. பழைய கடனை அடைக்கப் பணம் போனதற்குச் சான்று இல்லை. பல நிறுவனங்கள் கடுமையான கடன் தட்டுப்பாட்டில் இருந்தன என்றும், அவை கூடுதலாகப் போட்ட ஒவ்வொரு ரூபாயும் மிக உயர்ந்த வருமானம் தந்தது என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். இந்த நிறுவனங்கள் சிறு பெட்டிக்கடைகள் அல்ல, 65 லட்சம் ரூபாய்க்கு மேல் இயந்திரம் வைத்திருந்தவை என்பதை மறந்துவிடக் கூடாது. அவற்றுக்கே இந்த நிலை.

தட்டுப்பாடு இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. அதன் காரணம் தகவல் குறைபாடா என்பதற்கு வேறு சோதனை தேவைப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் டீன் கார்லனும் ஜொனாதன் ஜின்மனும் ஒரு கடன் நிறுவனத்தோடு சேர்ந்து, அதன் பழைய வாடிக்கையாளர்களுக்கு 58,000 கடிதங்கள் அனுப்பினார்கள். கடிதத்தில் குறித்த வட்டி ஆளுக்கு ஆள் குலுக்கல் முறையில் வேறுபட்டது. அதற்கு ஒப்பி வந்தவர்களில் சிலருக்கு, வந்த பிறகு அதைவிடக் குறைந்த வட்டி தரப்பட்டது. இன்னும் சிலருக்கு, ஒழுங்காகக் கட்டினால் அடுத்த கடனும் இதே சலுகையில் கிடைக்கும் என்று சொல்லப்பட்டது. ஒரே வட்டியைக் கட்டுபவர்களில், உயர்ந்த வட்டிக்கு ஒப்பி வந்தவர்கள் அதிகம் தவறினால் அது வந்தவரின் வகையைக் காட்டும். ஒரே வட்டிக்கு ஒப்பி வந்தவர்களில், பிறகு கிடைத்த சலுகை தவறுதலைக் குறைத்தால் அது நடத்தையைக் காட்டும். 2009இல் வெளியான முடிவு, நடத்தை மாற்றத்துக்கு வலுவான சான்றும் ஆள் வகைக்கு அதைவிட மெலிந்த சான்றும் தந்தது. தவறுதலில் 13 முதல் 21 விழுக்காடு வரை நடத்தையால் வந்திருக்கலாம் என்பது அவர்களின் தோராய மதிப்பீடு. கோட்பாட்டின் இரண்டு வழிகளில் இரண்டாவது அங்கே பலமாக இருந்தது. ஆனால் அவர்கள் எழுதியது ஏற்கெனவே அந்த நிறுவனத்திடம் கடன் வாங்கிக் கட்டியவர்களுக்கு. புதியவர்கள் நடுவே ஆள் வகையின் பங்கு என்ன என்பதை அந்தச் சோதனை சொல்லாது.

இங்கிருந்து கொள்கைக்கு ஒரு நேரான வழி செல்கிறது. வங்கி மறுப்பது விலையால் அல்ல, அறியாமையால் என்றால், வட்டியைக் குறைக்கும் மானியம் ஏற்கெனவே கடன் பெற்றவருக்கே பயன்படும், வெளியே நிற்பவரை உள்ளே கொண்டுவராது. அவரைப் பற்றிய நம்பகமான செய்தி வங்கிக்குப் போய்ச் சேர்வதே அவருக்கு உதவி. இந்தியாவில் சிபில் 2000இல் தொடங்கியது, கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005இல் வந்தது. ஆனால் சிபில் மதிப்பெண் கடன் வாங்கிக் கட்டியவரின் வரலாறு. முதல் கடன் கேட்பவருக்கு அதில் வரலாறே இல்லை. சரக்கு சேவை வரிக் கணக்கும், கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றப் பதிவும் அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பத் தொடங்கியிருக்கின்றன. ஒரு மளிகைக் கடையின் அன்றாட விற்பனையை, தண்டல்காரர் கண்ணால் கண்டதை, வங்கி இப்போது எண்களாகக் காண முடிகிறது. குத்தகை நிலத்தில் பயிர் செய்பவருக்கும் ரொக்கத்தில் தொழில் செய்பவருக்கும் அப்படிப்பட்ட பதிவு ஏதும் பெரும்பாலும் இல்லை. குத்தகையைப் பதிவு செய்யவும், மறுக்கப்பட்ட விண்ணப்பங்களைக் காரணத்தோடும் தொகையோடும் வங்கிகள் வெளியிடவும் விதி வேண்டும். கடன் பரவலை மதிப்பிடுபவர்கள் வட்டி விகிதத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த மறுப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும்.